ஒரே சுருள், இரண்டு வேலை: மீட்டர் முள் நிற்கிறது, மோட்டார் சுழல்கிறது. ஏன்?

ஜொகூர் பாருவில் காலை நேரம் காஸ்வேயைக் கடக்கும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ‘காப்சாய்’ வண்டிகள். பொத்தானை அழுத்தியதும் அவற்றின் எஞ்சினைச் சுற்றி உயிர்ப்பிப்பது ஸ்டார்ட்டர் எனப்படும் ஒரு சிறிய நேர்மின்னோட்ட மோட்டார். ஒருநாள் பொத்தானை அழுத்துகிறோம். ‘டக்’ என்ற ஓசை மட்டும் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை. பட்டறைக்காரர் முள் வைத்த மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கிறார். பழுது பேட்டரியிலா, ஸ்டார்ட்டரிலா என்பதை அந்த முள் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கொண்டே அவர் சொல்லிவிடுவார்.

அவர் கையில் இருக்கும் மீட்டரையும் வண்டிக்குள் இருக்கும் மோட்டாரையும் திறந்து பார்த்தால், இரண்டுக்குள்ளும் ஒரே அமைப்புதான்: காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு செம்புக் கம்பிச்சுருள். மின்னோட்டம் பாய்ந்ததும் சுருளைத் திருப்பும் விசையும் ஒன்றே. அப்படியானால் ஒன்று கொஞ்சம் திரும்பி ஓரிடத்தில் நிற்பதும், மற்றொன்று நிற்காமல் சுழல்வதும் எதனால்? படிவம் 5 இயற்பியலில் மின்காந்தவியல் படிக்கும் மாணவர்கள் பலர் இரண்டின் படத்தையும் சரியாக வரைந்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை எழுதும்போது தடுமாறுவார்கள். படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு பக்கம், எதிரெதிர் விசை

காந்தப்புலத்தில் வைத்த கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அந்தக் கம்பியின்மீது ஒரு விசை செயல்படும். கம்பியைச் சுற்றி உண்டாகும் புலமும் காந்தத்தின் புலமும் சேரும்போது கம்பியின் ஒரு பக்கத்தில் புலம் வலுக்கிறது, மறுபக்கத்தில் மெலிகிறது. வலுத்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கம் நோக்கிக் கம்பி தள்ளப்படுகிறது. இழுத்த கவணில் கல் எறியப்படுவதுபோல் இருப்பதால் மலாய்ப் பாடநூல் இந்தக் கூட்டுப் புலத்தை ‘மெடான் லாஸ்திக்’ என்கிறது. விசையின் திசையைக் கண்டறிய ஃபிளெமிங் இடக்கை விதி உதவும்: சுட்டுவிரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை.

இப்போது கம்பியைச் செவ்வக வடிவில் வளைத்து, நடுவே ஓர் அச்சில் திரும்பும்படி வைப்போம். மின்னோட்டம் ஒரு பக்கத்தில் உள்ளே போனால் எதிர்ப்பக்கத்தில் வெளியே வரும். திசைகள் எதிரெதிர் என்பதால் விசைகளும் எதிரெதிர். ஒரு பக்கம் மேலே தள்ளப்படும், மறுபக்கம் கீழே தள்ளப்படும். சுருள் முழுவதும் ஒரு திசையில் நகராது. அச்சைச் சுற்றித் திரும்பும். இந்தத் திருப்பும் விளைவைத்தான் திருப்பு விசை என்கிறோம். விசையை, அது செயல்படும் கோடு அச்சிலிருந்து இருக்கும் செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். சுருளின் நீளப் பக்கம் 2 சென்டிமீட்டர், அகலம் 1.5 சென்டிமீட்டர், சுற்றுகள் 100, காந்தப்புலம் 0.2 டெஸ்லா, மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நீளப் பக்கத்தின்மீதான விசை:

F = NBIl = 100 × 0.2 × 0.001 × 0.02 = 0.0004 N

இது ஏறக்குறைய 40 மில்லிகிராம் எடைக்குச் சமம். சில அரிசி மணிகளின் எடைக்கு மேல் இருக்காது. இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று 1.5 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் மொத்தத் திருப்பு விசை:

τ = 0.0004 × 0.015 = 0.000006 N m

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் சுருளின் பரப்பு கிடைக்கும். ஆகவே இதையே τ = NBIA என்று சுருக்கமாக எழுதலாம். சுற்றுகளைக் கூட்டினாலும், வலுவான காந்தம் வைத்தாலும், மின்னோட்டத்தை உயர்த்தினாலும், சுருளின் பரப்பைப் பெரிதாக்கினாலும் திருப்பு விசை அதே விகிதத்தில் கூடும்.

கதவைத் தள்ளுவது போல

ஆனால் NBIA என்பது அதிகபட்ச அளவு மட்டுமே. சுருள் எந்த நிலையில் இருந்தாலும் அது கிடைப்பதில்லை.

ஒரு கதவை அதன் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளினால் எளிதில் திறக்கும். கதவின் விளிம்பில் கைவைத்துக் கீலை நோக்கி அழுத்தினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கதவு அசையாது. விசை குறையவில்லை, விசையின் கோடு கீல் வழியாகவே போவதால் திருப்பும் விளைவு இல்லை.

சுருளுக்கும் இதே கதிதான். சுருளின் தளம் காந்தப்புலத்துக்கு இணையாக இருக்கும்போது இரு பக்க விசைகளும் தளத்துக்குச் செங்குத்தாகச் செயல்படுகின்றன. திருப்பு விசை உச்சத்தில் இருக்கும். சுருள் திரும்பத் திரும்ப, இரண்டு விசைக் கோடுகளுக்கும் இடையிலான தொலைவு குறைகிறது. 60 பாகை திரும்பியதும் திருப்பு விசை பாதியாகிவிடும். 90 பாகை திரும்பிச் சுருளின் தளம் புலத்துக்குச் செங்குத்தாக வந்ததும் இரு விசைகளும் ஒரே கோட்டில், எதிரெதிர்த் திசையில் சுருளை வெளிப்பக்கம் இழுக்கின்றன. திருப்பு விசை பூச்சியம்.

அந்த நிலையையும் தாண்டினால் என்ன ஆகும்? விசைகளின் திசை மாறவில்லை; ஆனால் சுருளின் பக்கங்கள் இடம் மாறிவிட்டன. அதனால் அதே விசைகள் இப்போது சுருளைப் பின்னுக்குத் திருப்புகின்றன. ஆக, தனியே விட்ட சுருள் சுழலாது. செங்குத்து நிலையைச் சுற்றி இப்படியும் அப்படியும் சில முறை ஆடி, அங்கேயே நின்றுவிடும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. காந்தமும் சுருளும் மட்டும் இருந்தால் நல்ல மீட்டரும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஏதோ ஒன்று தேவை.

மீட்டர்: வில்லோடு ஒரு பலப்பரீட்சை

மீட்டருக்குத் தேவை, மின்னோட்டத்தின் அளவுக்கு ஏற்பத் திரும்பி நிற்கும் ஒரு முள். அதற்காகச் சுருளின் அச்சில் மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில்லைப் பொருத்துகிறார்கள். சுருள் திரும்பும்போது வில் முறுக்கேறி எதிர்த்து இழுக்கும். எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அவ்வளவு எதிர்ப்பு. மின்னோட்டத்தின் திருப்பு விசையும் வில்லின் எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். சுருளுக்குள் மின்னோட்டத்தைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வேலையையும் இதே வில்கள்தான் செய்கின்றன.

மேலே கணக்கிட்ட சுருளுக்கு, 0.000006 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையில் 90 பாகை முறுக்கேறும் வில் ஒன்றைப் பொருத்துவோம். 1 மில்லி ஆம்பியருக்கு முள் 90 பாகையைக் காட்ட வேண்டும், அரை மில்லி ஆம்பியருக்கு 45 பாகையைக் காட்ட வேண்டும். ஆனால் தட்டையான முனைகள் கொண்ட காந்தத்தை வைத்தால் அப்படி நடக்காது. சுருள் திரும்பும்போதே திருப்பு விசை குறைந்துகொண்டு வருகிறது அல்லவா? கணக்குப் போட்டால், அரை மில்லி ஆம்பியருக்கு முள் ஏறக்குறைய 36 பாகையிலும், 1 மில்லி ஆம்பியருக்கு 54 பாகைக்குச் சற்றுக் குறைவிலும் நின்றுவிடும். மின்னோட்டம் இரு மடங்கானது, முள்ளோ ஒன்றரை மடங்குதான் நகர்ந்தது. அளவுகோலில் பெரிய எண்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்; அங்கே துல்லியமாக வாசிக்க முடியாது.

இதற்கான தீர்வு எளிமையானது. காந்த முனைகளை உட்குழிவாக வளைத்து, சுருளின் நடுவே ஒரு தேனிரும்பு உருளையை அசையாமல் நிறுத்துகிறார்கள். இப்போது காந்தப்புலக் கோடுகள் குறுகிய இடைவெளியில் உருளையின் மையத்தை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல அமைகின்றன. இதற்கு ஆரைப்புலம் என்று பெயர். சுருள் எவ்வளவு திரும்பினாலும் அதன் தளம் தான் இருக்கும் இடத்துப் புலத்துக்கு இணையாகவே இருக்கும். திருப்பு விசை குறைவதே இல்லை. அரை மில்லி ஆம்பியருக்கு 45 பாகை, 1 மில்லி ஆம்பியருக்கு 90 பாகை. அளவுகோலின் கோடுகள் சமமான இடைவெளியில் அமைவது இதனால்தான். தேர்வில் “வளைந்த காந்த முனைகளின் பயன் என்ன?” என்ற கேள்விக்கு ‘புலத்தை வலுவாக்க’ என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான். தேனிரும்பு உருளை புலத்தை வலுவாக்குகிறது என்பது உண்மையே. ஆனால் வளைவின் முதன்மையான வேலை, எல்லாக் கோணத்திலும் ஒரே திருப்பு விசையைத் தருவது.

அசையும் சுருள் அமைப்பு நம் வட்டாரத்துக்கும் ஒரு காலத்தில் தேவைப்பட்ட ஒன்று. மெட்ராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1870–71இல் கடலடித் தந்தி வடம் போடப்பட்டது. இத்தகைய நீண்ட வடங்களின் மறுமுனைக்கு வந்துசேரும் மின்னோட்டம் மிகவும் மெலிந்திருக்கும். அதைப் பதிவு செய்ய, பிற்காலத்தில் கெல்வின் பிரபு என அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1867இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காந்த முனைகளுக்கு நடுவே தொங்கிய இலேசான சுருள் இருபுறமும் திரும்ப, அதோடு இணைந்த மெல்லிய மைக்குழாய் ஓடும் தாளில் அலையலையாகக் கோடு வரையும். பின்னர் 1882இல் பிரான்சின் தார்சன்வால் அசையும் சுருள் கால்வனோமீட்டரை உருவாக்கினார். 1888இல் எட்வர்ட் வெஸ்டன் அதற்குச் சுருள்வில் பொருத்தி, கையில் எடுத்துச் செல்லக்கூடிய மீட்டராக மாற்றினார். இன்றும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் முள் மீட்டர்களின் அமைப்பு இதுவே.

மீட்டரில் இன்னொரு நுட்பமும் உண்டு. வில்லும் சுருளும் மட்டும் இருந்தால் முள் ஊஞ்சல்போல ஆடி நிற்க நெடுநேரம் ஆகும். அதனால் சுருளை ஓர் அலுமினியச் சட்டத்தின்மீது சுற்றுகிறார்கள். சட்டம் புலத்தில் அசையும்போது அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி, அசைவை எதிர்க்கிறது. முள் நின்றதும் அந்த எதிர்ப்பும் மறைந்துவிடும். வாசிப்பில் பிழை வராது.

முள் மீட்டரால் மாறுமின்னோட்டத்தை நேரடியாக அளக்க முடியாததற்கும் காரணம் இப்போது விளங்கும். நம் நாட்டு மின்சாரத்தில் மின்னோட்டத்தின் திசை ஒரு விநாடியில் 50 முறை முன்னும் பின்னுமாகச் சுழற்சி செய்கிறது. திருப்பு விசையும் அதேபோல் திசை மாறும். அந்த வேகத்துக்கு முள்ளால் ஈடுகொடுக்க முடியாது; பூச்சியத்திலேயே நிற்கும், அல்லது இலேசாக நடுங்கும். மல்டிமீட்டரில் மாறுமின்னோட்டத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறதே என்றால், அங்கே டயோடு ஒன்று மின்னோட்டத்தை ஒரே திசைக்கு மாற்றிய பிறகே சுருளுக்கு அனுப்புகிறது.

ஒரே சுருள் எப்படி வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கிறது?

நம் சுருள் தாங்குவது 1 மில்லி ஆம்பியர். அதன் மின்தடை 100 ஓம் என்போம். இதைக்கொண்டு 10 வோல்ட் வரை அளக்க வேண்டுமானால், 10 வோல்ட் கொடுக்கும்போது சரியாக 1 மில்லி ஆம்பியர் பாய வேண்டும். மொத்த மின்தடை 10,000 ஓம் தேவை. சுருளில் 100 ஓம் ஏற்கெனவே இருப்பதால், 9,900 ஓம் மின்தடையைத் தொடரிணைப்பில் சேர்த்தால் போதும்.

1 ஆம்பியர் வரை அளக்க வேண்டுமானால் 999 மில்லி ஆம்பியர் சுருளைத் தொடாமல் வேறு வழியில் போக வேண்டும். அதற்காகச் சுருளுக்குப் பக்க இணைப்பில் ஏறக்குறைய 0.1 ஓம் மட்டுமே கொண்ட தடித்த கம்பித் துண்டை வைக்கிறார்கள்.

மல்டிமீட்டர்கள் கருகும் வழியும் இதுதான். சுழல்குமிழை ஆம்பியர் நிலையில் வைத்துவிட்டு, மறதியாக 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் கம்பிகளை வைத்தால், நடுவில் இருப்பது அந்த 0.1 ஓம் மட்டுமே. கணக்குப்படி 120 ஆம்பியர் பாய முயலும். மீட்டரில் ஃபியூஸ் இருந்தால் அது எரியும். இல்லாவிட்டால் கம்பித் துண்டும் சுருளும் எரியும். எனவே வோல்ட் அளப்பதற்கு முன் குமிழ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பட்டறையில் முதல் பாடம்.

மோட்டார்: தக்க நேரத்தில் திசை மாற்றம்

மோட்டாரில் வில் கிடையாது. அங்கே தீர்க்க வேண்டிய சிக்கல், செங்குத்து நிலையைத் தாண்டியதும் திருப்பு விசை பின்னோக்கி இழுப்பது. புலத்தை மாற்ற முடியாது. ஆனால் மின்னோட்டத்தின் திசையை மாற்றலாம். சுருள் செங்குத்து நிலையைக் கடக்கும் அதே கணத்தில் சுருளுக்குள் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால், விசைகளும் திரும்பிவிடும். சுருள் அதே திசையில் தொடர்ந்து சுழலும்.

இதைச் செய்வது திசைமாற்றி எனப்படும் கம்யூட்டேட்டர். இரண்டாகப் பிளந்த ஒரு செம்பு வளையம் அச்சோடு சேர்ந்து சுழல்கிறது. அசையாமல் நிற்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள் அதன்மீது அழுந்தி உரசுகின்றன. அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு வளையத் துண்டும் ஒரு பிரஷிலிருந்து மற்றதற்கு மாறுகிறது. செங்குத்து நிலையில் பிரஷ்கள் பிளவின்மீது இருப்பதால் அந்தக் கணத்தில் மின்னோட்டம் இல்லை. சுருள் தன் வேகத்தாலேயே அந்த இடத்தைக் கடந்துவிடும். வில்லியம் ஸ்டர்ஜன் 1832இல் இந்த அமைப்பை மோட்டாரில் பயன்படுத்திக் காட்டினார்.

நீங்கள் வீட்டில் செய்யும் எளிய மோட்டாரில் இந்தப் பிளந்த வளையத்துக்குப் பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. எனாமல் பூசிய செம்புக் கம்பியை 3 சென்டிமீட்டர் விட்டத்தில் 10 சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கம் நேராக நீட்டிவிடுங்கள். 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் ஊக்குகளைச் செங்குத்தாக ஒட்டி, அவற்றின் துளைகளில் கம்பி முனைகளைத் தாங்க வையுங்கள். சுருளுக்கு நேர்கீழே பேட்டரியின்மீது ஒரு வட்டக் காந்தம். ஒரு கம்பி முனையின் எனாமலை முழுவதும் மணல்தாளால் சுரண்ட வேண்டும். மறுமுனையில், சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மேல் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும்.

ஏன் பாதி? இதனால் அரைச் சுற்றுக்கு மின்னோட்டம் பாயும், மறு அரைச் சுற்றுக்குப் பாயாது. திசையை மாற்றுவதற்குப் பதிலாக, பின்னோக்கி இழுக்கும் அரைச் சுற்றில் மின்னோட்டத்தையே நிறுத்திவிடுகிறோம். அந்த அரைச் சுற்றைச் சுருள் தன் வேகத்தால் கடக்கிறது. ‘நிமிர்த்திப் பிடித்து’ என்பதும் முக்கியம். கீழே இருக்கும் காந்தத்தின் புலம் மேல்நோக்கி வருகிறது. சுருள் நிமிர்ந்து நிற்கும்போதுதான் அதன் தளம் புலத்துக்கு இணை, அதாவது திருப்பு விசை உச்சம். மின்னோட்டம் பாயும் அரைச் சுற்று அந்த நிலையை நடுவாகக் கொண்டு அமைய வேண்டும்.

மோட்டார் ஓடவில்லை என்றால் அதன் நடத்தையே காரணத்தைச் சொல்லும். சுருள் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் எனாமல் சரியாக நீங்கவில்லை, மின்னோட்டமே பாயவில்லை. சுருள் துடித்து, கிடைமட்டமாகப் படுத்த நிலையில் நின்றுவிட்டால் இரு முனைகளையும் முழுவதும் சுரண்டியிருக்கிறீர்கள். சுருள் தன் ‘பூச்சிய’ நிலையைத் தேடிப் போய் நின்றுவிட்டது. கையால் சுண்டிவிட்டும் இப்படியும் அப்படியும் ஆடுகிறதே தவிர வேகம் எடுக்கவில்லை என்றால், சுருளைப் படுக்கவைத்துச் சுரண்டியிருக்கலாம். பாயும் மின்னோட்டம் பாதி நேரம் தள்ளுகிறது, பாதி நேரம் இழுக்கிறது. குதித்துக்கொண்டே சுழன்றால் கம்பி முனைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஓர் எச்சரிக்கை: இந்தச் சுருளின் மின்தடை 1 ஓமுக்கும் மிகக் குறைவு. சுருள் சுழலாமல் நிற்கும்போது இணைப்பை விட்டுவைத்தால் கம்பியும் பேட்டரியும் சூடாகிக் கையைச் சுடும்.

நிற்கும் மோட்டார் ஏன் சூடாகிறது?

சுழலும் சுருள் காந்தப்புலத்தை வெட்டுவதால் அதற்குள்ளேயே ஒரு மின்னியக்கு விசை தோன்றுகிறது. அது பேட்டரிக்கு எதிர்த்திசையில் செயல்படுவதால் எதிர் மின்னியக்கு விசை என்கிறோம். 3 வோல்ட்டில் ஓடும் பொம்மை மோட்டார் ஒன்றின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும்போது எதிர் மின்னியக்கு விசை 2.7 வோல்ட் என்றால், மிஞ்சிய 0.3 வோல்ட் மட்டுமே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது, மின்னோட்டம் 0.3 ஆம்பியர். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் எதிர் மின்னியக்கு விசை பூச்சியமாகும். மின்னோட்டம் 3 ஆம்பியருக்குத் தாவும். அந்த 9 வாட் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறும். சிக்கிக்கொண்ட மோட்டார் கருகுவது இப்படித்தான்.

ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்தே தொடங்குகிறது. அதனால் பொத்தானை அழுத்திய முதல் கணத்தில் மின்னோட்டம் மிக அதிகம். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கம்பி மற்றக் கம்பிகளைவிடத் தடித்திருப்பதற்கு இதுவே காரணம். ஸ்டார்ட்டருக்குள் ஒரே சுருள் இருந்தால், அது பூச்சிய நிலையில் நின்றுபோன நாளில் வண்டி கிளம்பாது. அதனால் இரும்பு உருளையின் பள்ளங்களில் பல சுருள்களை வெவ்வேறு கோணங்களில் சுற்றி, கம்யூட்டேட்டரையும் பல துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சுருள் உச்சத் திருப்பு விசைக்கு அருகில் இருக்கும்.

முள் சொல்லும் தீர்ப்பு

இப்போது அந்த ‘டக்’ ஓசைக்குத் திரும்புவோம். கியர் நியூட்ரலில் இருக்க, மீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் பகுதியில், 12ஐவிடப் பெரிய அளவில் வைத்து, பேட்டரி முனைகளில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தானை அழுத்துமுன் முள் 12.6 வோல்ட் காட்டுகிறது என்போம்.

நல்ல பேட்டரியின் அக மின்தடை 0.03 ஓம், ஸ்டார்ட்டர் எடுப்பது 60 ஆம்பியர் என்றால், பேட்டரிக்குள்ளேயே 1.8 வோல்ட் வீணாகும். முள் 10.8க்கு இறங்கும், எஞ்சின் சுற்றும். பழைய பேட்டரியின் அக மின்தடை 0.1 ஓமாக உயர்ந்திருந்தால், 45 ஆம்பியர் எடுத்தாலே 4.5 வோல்ட் வீணாகி முள் 8.1க்கு விழும். விளக்கு மங்கும், மோட்டாருக்குத் தேவையான மின்னோட்டம் கிடைக்காது. பழுது பேட்டரியில். வேறு நல்ல பேட்டரியை இணைத்தும் முள் அப்படியே விழுந்தால், மோட்டார் சிக்கிக்கொண்டு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கிறது என்று பொருள்.

மூன்றாவது நிலைதான் சுவையானது. ‘டக்’ என்கிறது, ஆனால் முள் 12.6லிருந்து ஏறக்குறைய அசையவே இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். மின்னோட்டமே பாயவில்லை என்பதுதான் செய்தி. ‘டக்’ என்பது ரிலே மூடிய ஓசை. அடுத்ததாக ஸ்டார்ட்டரின் முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தும்போது அங்கே 12 வோல்ட் வரவில்லை என்றால் ரிலேயிலோ கம்பியிலோ பழுது. 12 வோல்ட் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், உள்ளே எங்கோ சுற்று அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகி, அதன் பின்னால் இருக்கும் வில்லால் அதைக் கம்யூட்டேட்டர்மீது அழுத்த முடியாமல் போயிருக்கும்.

அந்த நேரத்தில் ஸ்டார்ட்டரின் உடலை ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் வண்டி கிளம்பிவிடுவதுண்டு. அதில் மந்திரம் எதுவுமில்லை. அதிர்வில் பிரஷ் சற்று நகர்ந்து மீண்டும் செம்பைத் தொடுகிறது, அவ்வளவே. அன்று வீடு போய்ச் சேரலாம். ஆனால் பிரஷ் மாற்றும் வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

பொம்மை மோட்டார் ஒன்று கிடைத்தால், பேட்டரி இல்லாமல் அதன் இரு கம்பிகளையும் முள் மீட்டரின் மிகச் சிறிய நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் இணைத்து, மோட்டாரின் அச்சை விரலால் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். முள் அசையும், எதிர்த்திசையில் சுழற்றினால் முள்ளும் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். சற்றுமுன் எதிர் மின்னியக்கு விசை என்று கணக்கில் கண்டது, இப்போது ஒரு சுருளிலிருந்து புறப்பட்டு இன்னொரு சுருளைத் திருப்புகிறது.